பெயர் வைக்காத உறவில் தெளிவு கேட்பது

நேயர்களுக்கு வணக்கம். இன்றைய இளைஞர்கள் ‘சிச்சுவேஷன்ஷிப்’ என்று குறிப்பிடும் உறவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இருவர் மாதக்கணக்கில் சந்திக்கிறார்கள், சேர்ந்து சாப்பிடுகிறார்கள், தூங்கும்வரை செய்தி அனுப்பிக்கொள்கிறார்கள்; ஆனால் இது காதலா, கல்யாணம்வரை போகுமா என்று தனித்தனியே கேட்டால் இருவரும் ஒரே பதிலைச் சொல்வதில்லை.

டெல்டா மாவட்டங்களில் இந்த நிலை நீடிக்க ஒரு தனிக் காரணம் உண்டு. கும்பகோணத்துப் பேக்கரி ஒன்றில் இருவர் உட்கார்ந்திருந்தால், பொழுது சாய்வதற்குள் பாபநாசத்துச் சித்தப்பாவுக்குச் செய்தி போய்விடும். சாதி வேறானால் அந்த அச்சம் உயிரச்சமாகவும் இருக்கக்கூடும். ஆகவே உறவை மறைப்பது பல சமயம் நியாயமான எச்சரிக்கைதான். ஆனால் ஊருக்குச் சொல்ல முடியாதது வேறு, இருவருக்குள்ளேயே சொல்லிக்கொள்ளாதது வேறு. ‘வீட்ல தெரிஞ்சா பிரச்சினையாயிடும்’ என்ற வாக்கியம் இரண்டுக்கும் பொருந்திவிடுவதால், முடிவெடுக்காத மனம் அதன் பின்னால் வருடக்கணக்கில் ஒளிந்திருக்க முடிகிறது. தெளிவு கேட்பவர் முதலில் இவ்விரண்டையும் தமக்குள் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஆலோசனைக்கு வருவோர் என்னிடம் சொன்னவற்றை, யாருடைய அடையாளமும் தெரியாதபடி ஒரே கதையாகச் சொல்கிறேன். பெண்ணுக்குக் கும்பகோணத்தில் வேலை, அவர் பழகும் ஆணுக்குத் தஞ்சாவூரில். ஞாயிற்றுக்கிழமைகளில் பெண் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். தை பிறந்தால் வீட்டில் ஜாதகத்தைக் கையில் எடுத்துவிடுவார்கள் என்ற கவலை அந்தப் பெண்ணுக்குப் புரட்டாசியிலேயே தொடங்கிவிட்டது. ஓர் இரவு வாட்ஸ்அப்பில், ‘நான் உங்களுக்கு யாரு? வெறும் டைம்பாஸா?’ என்று கேட்டார். செய்தியைப் படித்ததற்கான நீலக் குறி விழுந்தது. காலையில் வழக்கம்போல ‘குட் மார்னிங்’ மட்டும் வந்தது.

அந்தக் கேள்வியில் ஒரு குற்றச்சாட்டும் சேர்ந்திருந்தது. அப்படிக் கேட்கப்பட்டவர் குற்றச்சாட்டை மறுத்துவிட்டு, கேள்வியை அப்படியே விட்டுவிடலாம். புதுமணத் தம்பதிகள் கருத்து வேறுபாட்டைப் பேசும் விதத்தை ஆராய்ந்த சிபில் காரெரும் ஜான் காட்மேனும், பேச்சின் முதல் மூன்று நிமிடங்களே அந்த மணவாழ்க்கை முறியுமா என்பதைப் பெருமளவு காட்டிவிடுவதாக 1999-ல் எழுதினார்கள். கல்யாணமாகாதவர்களுக்கும் தொடக்கத்தின் கடுமையே பேச்சைக் கெடுப்பதை நான் கண்டிருக்கிறேன்.

அந்தப் பெண் நேரில் கேட்டதும் உண்டு; ஆனால் அதெல்லாம் திரும்பும் ரயிலுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் நடைமேடையில் கேட்டவை. இந்த முறை முற்பகலிலேயே, பெரிய கோயில் புல்வெளியில் உட்கார்ந்து, முன்கூட்டியே யோசித்து வைத்திருந்ததைச் சொன்னார்: ‘உங்ககூட இருக்கிறது எனக்குப் பிடிச்சிருக்கு. நான் கல்யாணத்தை நினைச்சுத்தான் பழகுறேன். வீட்ல எப்போ சொல்றதுங்கிறதை அப்புறம் பேசிக்கலாம். நமக்குள்ள மட்டும் கேக்கிறேன், உங்களுக்கும் அந்த எண்ணம் இருக்கா? இப்பவே சொல்லணும்னு இல்லை. தையில எங்க வீட்ல பேச்சு எடுப்பாங்க, அதனால தீபாவளிக்குள்ள சொல்லுங்க.’

முதலில் தம் விருப்பம், பிறகு ஒரே ஒரு கேள்வி, அதன்பின் ஒரு நாளும் அதற்கான காரணமும் இதில் இருக்கின்றன. காரணத்தைச் சொல்லிவிட்டதால் அந்த நாள் மிரட்டலாகத் தொனிப்பதில்லை. வீட்டுப் பிரச்சினையைத் தனியே எடுத்து வைத்துவிட்டதால், அதைப் பதிலாகச் சொல்லவும் இடமில்லை. இதற்குப் பிறகு வரும் மௌனத்தைத் தாங்குவதுதான் மிகவும் கடினம். ‘சரி, பரவாயில்ல விடுங்க’ என்று நாமே அதை நிரப்பினால், கேட்ட கேள்வியைத் திரும்பப் பெற்றதாகிவிடும்.

‘ஆமாம்’ என்று பதில் வந்தால், அதைக் காட்டும் ஒரு சிறு செயலை, உதாரணமாக நம்பிக்கையான ஓர் அக்காவிடம் சொல்வதை, கேட்கலாம். ‘இல்லை’ என்றால் வலிக்கும். ஆனாலும் அது பதில். குழப்புவது மூன்றாவது வகை: ‘இப்ப நல்லாத்தானே போகுது, எதுக்கு அவசரம்?’ உண்மையிலேயே அவகாசம் தேவைப்படுபவர் காரணத்தையும் காலத்தையும் சேர்த்தே சொல்வார். ‘தங்கச்சி கல்யாணம் முடியட்டும், சித்திரையில அம்மாகிட்ட பேசுறேன்’ என்றால் காத்திருப்பதில் பொருள் உண்டு. இரண்டும் இல்லாத அவகாசத்தை, ‘இப்போதைக்கு இல்லை’ என்று எடுத்துக்கொள்வதே சரி என்பது என் கருத்து.

கேட்ட மாத்திரத்தில் எதிரில் இருப்பவர் மிரட்டினாலோ, படங்களை வெளியிடுவேன் என்றாலோ, இந்த வழிமுறை பொருந்தாது. தனியே சந்திப்பதை நிறுத்திவிட்டுப் பெண்கள் 181 என்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

அந்தப் பெண்ணுக்குத் தீபாவளியன்று வாழ்த்து வந்தது, பதில் வரவில்லை. ‘எனக்குப் பதில் கிடைச்சிடுச்சு, இனி ஞாயித்துக்கிழமை வரமாட்டேன்’ என்று ஒரே செய்தி அனுப்பினார். இப்படிப்பட்ட செய்திக்குப் பிறகு சில வாரங்கள் கழித்து, ‘சாப்பிட்டியா?’ என்று திரும்ப வருவதுண்டு. அவருக்கும் வந்தது. நலம் விசாரிப்பைப் பதிலாக எண்ணி அடுத்த ரயிலைப் பிடிக்காமல், ‘அன்னிக்குக் கேட்டதுக்குப் பதில் இருந்தா சொல்லுங்க, பேசலாம்’ என்று எழுதிவிட்டு, தம் வேலையைப் பார்க்கப் போனார்.