சீட் அளவில் தொடங்கும் பிளீட் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். ஜூன் மாதம் நெருங்கினால் என் மேஜையில் பள்ளிப் பாவாடை தவிர வேறொன்றும் இருக்காது. அந்தப் பாவாடையின் பிளீட் கணக்கைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் நல்லது.

தொழிலுக்கு வந்த புதிதில் ஏற்காட்டிலிருந்து ஒரு அம்மா, விடுதிப் பள்ளியில் படிக்கிற மகளுக்குப் பாவாடை தைக்கக் கொடுத்தார். சிறுமியின் இடுப்பு 24 இஞ்ச். நான் இடுப்பை மட்டும் அளந்தேன். ஒரு இஞ்சுக்கு ஒரு பிளீட், மொத்தம் 24 பிளீட். மேஜையில் விரித்துப் பார்த்தபோது அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. ஒரு வாரம் கழித்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி அதே அம்மா வந்து நின்றார். "அக்கா, நின்னா மடிப்பெல்லாம் வாயைப் பொளந்துட்டு நிக்குது, பாருங்க" என்றார்.

சிறுமியின் சீட் அளவு, அதாவது பின்பக்கம் அகலமான இடத்தின் சுற்றளவு, 30 இஞ்ச். மடிப்புகள் மூடிய நிலையில் என் பாவாடையின் சுற்றளவு 24தான். குறைகிற 6 இஞ்சை 24 பிளீட்டும் பங்கு போட்டுக்கொண்டு, ஆளுக்குக் கால் இஞ்ச் திறந்துகொண்டன. பிரித்து மறுபடி மடிக்கலாம் என்று பார்த்தேன். டெரிகாட்டனில் விழுந்த பழைய இஸ்திரிக் கோடு கடைசிவரை போகவில்லை. என் கைக்காசில் வேறு துணி வாங்கித்தான் தைத்துக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து பிளீட் கணக்கைச் சீட்டில்தான் தொடங்குகிறேன். அதே சிறுமியின் அளவையே எடுத்துக்கொள்வோம். சீட் 30, உட்கார எழ 2 இஞ்ச் லூஸ், ஆக 32. வெளியே தெரியும் பிளீட் 2 இஞ்ச் என்று வைத்தால் 16 பிளீட். இனி ஆழம். ஆழம் என்பது மடிப்பு உள்ளே எவ்வளவு தூரம் போகிறது என்பது. துணி உள்ளே போய்த் திரும்பியும் வரவேண்டும். அதனால் 2 இஞ்ச் ஆழத்துக்கு 4 இஞ்ச் துணி உள்ளே மறைகிறது. வெளியே 2, உள்ளே 4, ஒரு பிளீட்டுக்கு 6 இஞ்ச். பதினாறுக்கு 96. லூஸ் சேர்த்த சீட் அளவைப் போல மூன்று மடங்கு. இதுதான் முழு பிளீட். ஒரு மடிப்பின் உள்முனை அடுத்த மடிப்பின் தொடக்கத்தைச் சரியாகத் தொட்டு நிற்கும்.

ஆழத்தைக் குறைத்தால் துணி மிச்சம்தானே என்று கேட்பீர்கள். எப்போதுமே மிச்சம் என்று சொல்ல முடியாது. யூனிஃபார்ம் துணி பெரும்பாலும் 58 இஞ்ச் பன்னாவில், அதாவது அகலத்தில், வருகிறது. 96 இஞ்சை ஒரே பன்னாவில் எடுக்க முடியாது, இரண்டு பாகம் வேண்டும். ஒரு பாகத்தில் 8 பிளீட், 48 இஞ்ச். தையலுக்கு இரண்டு ஓரத்திலும் அரை அரை இஞ்ச் சேர்த்தால் 49. ஆழத்தை ஒன்றரை இஞ்சாகக் குறைத்தால் பாகம் 41 இஞ்சாகும், ஆனால் அப்போதும் இரண்டு பாகம்தான். கடையில் கொடுக்கும் காசு அதேதான். ஓரத்தில் விழும் வெட்டுத்துண்டு மட்டும் பெரிதாகும்.

உண்மையிலேயே துணி மிச்சமாக வேண்டுமென்றால் ஒரே பன்னாவில் முடிக்க வேண்டும். கரையும் தையலும் போக 55 இஞ்ச் கையில் நிற்கும். அதில் 32 வெளியே போனால் மீதி 23. பதினாறு பிளீட்டுக்குப் பங்கிட்டால் ஆழம் முக்கால் இஞ்ச்கூடத் தேறாது. விலை குறைந்த ரெடிமேட் பாவாடையைத் திருப்பி உள்பக்கம் பாருங்கள். மடிப்புக்கும் மடிப்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால், அது இந்தக் கணக்கில் வந்தது. நடக்கும்போது அந்த பிளீட் தூக்கிக்கொண்டு போகும். ஒன்றரைக்குக் கீழே நான் இறங்குவதில்லை.

சரி, எவ்வளவு துணி வாங்குவது? பாவாடை நீளம் 22, அதில் இடுப்புப் பட்டி ஒன்றரை. மீதி இருபதரை. மேலே தையலுக்கு அரை, கீழ் மடிப்புக்கு 3. ஆக 24. பாகம் இரண்டு, 48 இஞ்ச். துணி சுருங்குவதற்கும் கொஞ்சம் விட்டு 1.3 மீட்டர் கேளுங்கள். பாகங்களைப் பிரிக்கும் முன் ஓரத்தில் மிஞ்சும் 9 இஞ்ச் துண்டை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுங்கள், பட்டி அதிலேயே வந்துவிடும். பாகத்தைப் பிரித்துவிட்டு அப்புறம் பட்டியைத் தேடினால் 24 இஞ்ச் துண்டுதான் இருக்கும், ஒட்டுப் போட வேண்டிவரும்.

கோடு போடும்போது அட்டையை வைத்து ஒவ்வொன்றாக நகர்த்தாதீர்கள். ஒரு நூல் என்பது அரைக்கால் இஞ்ச்; ஒரு பிளீட்டுக்கு அரை நூல் பிசகினால் பதினாறில் ஒரு முழு இஞ்ச் போய்விடும். டேப்பை ஒருமுறை நீட்டி வைத்து, தையல் விட்ட இடத்தைப் பூஜ்யமாகக் கொண்டு 2, 4, பிறகு 8, 10, பிறகு 14, 16 என்று கடைசிவரை குறியுங்கள். 4-இல் மடித்து அந்த முனையை 8-இன் மேல் வையுங்கள். 10-இல் மடித்து 14-இன் மேல். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் அது நைஃப் பிளீட். 2-இல் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அப்போதுதான் இரண்டு பாகமும் சேரும் தையல் மடிப்பின் உள்முனையில் ஒளிந்துகொள்ளும். கீழ் மடிப்பை, பிளீட் போடும் முன்பே தைத்துவிட வேண்டும்.

பாக்ஸ் பிளீட் துணியை விழுங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். முதுகோடு முதுகாக நிற்கும் இரண்டு நைஃப் பிளீட்தான் அது. முகம் 4 இஞ்ச், இருபுறமும் ஆழம் இரண்டிரண்டு. ஒரு பெட்டிக்கு 12, எட்டுப் பெட்டிக்கு அதே 96. வித்தியாசம் ஒட்டுத் தையலில்தான். மறைந்திருக்கும் 8 இஞ்சின் நட்ட நடுவில் தையல் வந்தால், இரண்டு பெட்டி சேரும் இடத்தில் எட்டிப் பார்க்கும். 2 இஞ்ச் தள்ளி, உள்முனையில் வையுங்கள்.

இனி இடுப்பு. சீட்டில் 32 இருக்கிறது, இடுப்பில் 24 வேண்டும். அந்த 8 இஞ்சைப் பதினாறு பிளீட்டுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு அரை இஞ்ச். சீட் வரை 2 இஞ்ச் முகம், அங்கிருந்து மேலே சாய்வாக மடித்து இடுப்பில் ஒன்றரை. பெட்டியானால் பக்கத்துக்கு அரை இஞ்ச் உள்ளே தள்ளி, 4 முகத்தை 3 ஆக்க வேண்டும். இப்போது இடுப்பில் 96 இஞ்ச் துணி 24-க்குள் அடங்கியிருக்கிறது, சராசரியாக நான்கு அடுக்கு. கனமான துணியென்றால் ஊசி ஒடியும். அப்போது நான் ஆழத்தை ஒன்றரையாக்குவேன், அடுக்கு மூன்று சொச்சத்துக்கு இறங்கிவிடும்.

பட்டி வைக்கும் முன் மேல் ஓரத்தில் பெரிய ஓட்டுத் தையல் போட்டு, டேப்பால் இடுப்பை ஒருமுறை அளந்து பாருங்கள். கால் இஞ்ச், அரை இஞ்ச் பிசகு இருந்தால் ஒரே பிளீட்டில் சரிக்கட்டாதீர்கள், அந்த ஒன்று மட்டும் கோணிக்கொண்டு கண்ணில் குத்தும். நாலைந்து பிளீட்டில் ஆளுக்கு அரை நூல், ஒரு நூல் நகர்த்திவிட்டு, ஈரத்துணி போட்டு இஸ்திரி போடுங்கள். இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். துணி முழுக்க ஆறும்வரை மேஜையை விட்டு எடுக்க வேண்டாம்.