சாட் வீடியோவில் சிரிப்பு எங்கே தவறுகிறது?

கேள்வி: "சாட்ல பேசிக்கிற மாதிரி பபிள் ஒண்ணொண்ணா வர்ற வீடியோ பண்ணேன். எழுதினப்போ சிரிப்பா இருந்துச்சு. வீடியோவா பார்த்தா யாரும் சிரிக்கல. ஏன்?"

பெரும்பாலும் கதை மேல தப்பு இருக்காது, நேரத்துலதான் இருக்கும். எல்லா பபிளையும் ஒரே இடைவெளில விட்டிருப்பீங்க. சின்ன வரிக்கும் 2 செகண்ட், பெரிய வரிக்கும் 2 செகண்ட்னு வெச்சா, சின்னதுல பார்க்கிறவங்க சும்மா காத்திருப்பாங்க, பெரியதுல படிச்சு முடிக்கிறதுக்குள்ள அடுத்தது வந்துரும்.

ஒரு கதையை வெச்சே பார்ப்போம். அக்காவோட போன்ல நடக்குது.

தம்பி: அக்கா, கதவைத் திற
தம்பி: சாவி மறந்துட்டேன், பத்து நிமிஷமா தட்டுறேன்
அக்கா: இங்க சத்தமே கேக்கலையே
அக்கா: நீ எந்த மாடில நிக்கற?
தம்பி: ஒரு தாத்தா கதவைத் திறந்துட்டார்

ஒவ்வொரு பபிளுக்கும் அரை செகண்ட், அதோட வார்த்தைக்கு 0.4 செகண்ட்னு கூட்டிக்கோங்க. முதல் வரி 3 வார்த்தை, 1.7 செகண்ட். ரெண்டாவது 5 வார்த்தை, 2.5. அப்புறம் 1.7, 2.1. ஆக நாலு வரிக்கு 8 செகண்ட்.

இப்போதான் முக்கியமான இடம். "எந்த மாடில" வந்ததும் கடைசி வரியை உடனே விட்டுடாதீங்க. தம்பி பக்கம் டைப்பிங் புள்ளிகள் 1.2 செகண்ட் ஓடட்டும், மறையட்டும், அரை செகண்ட் ஒண்ணுமே இல்லாம இருக்கட்டும், மறுபடி புள்ளிகள் 1 செகண்ட். அவன் கதவைப் பார்த்து முழிக்கிறது அந்த அரை செகண்ட்லதான் தெரியும். கடைசி பபிளை 3 செகண்ட் நிறுத்துங்க. மொத்தம் 14 செகண்டுக்குக் கொஞ்சம் கம்மி, இந்தக் கதைக்கு அது போதும். அதுக்கு அப்புறம் "மாடி மாறிட்டேன்"னு இன்னொரு பபிள் போட்டீங்கன்னா, பார்க்கிறவங்க தானா கண்டுபிடிச்சு சிரிக்கிறதை நீங்களே பிடுங்கிடுறீங்க.

புள்ளிகளை ரெண்டு பக்கமும் போடுறாங்க, அது தப்பு. நம்ம போன்ல எதிராளி டைப் பண்றதுதான் தெரியும், நாம டைப் பண்றது புள்ளியா வராது. அக்கா போன்னா தம்பி இடது பக்கம், புள்ளியும் அங்க மட்டும்தான்.

"டப்"னு வர்ற சத்தம் லேட்டா கேட்டா, ஆடியோ கிளிப்போட ஆரம்பத்தைப் பெரிசாக்கிப் பாருங்க. முன்னாடி கொஞ்சம் மௌனம் ஒட்டியிருக்கும். அதை வெட்டிட்டு, பபிள் தோன்றுற அதே ஃப்ரேம்ல சத்தத்தை வைங்க.

முடிச்சதும் கதை தெரியாத ஒருத்தர்கிட்ட சத்தத்தை அணைச்சுக் காட்டி, வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்க. எழுதின உங்களுக்கு வரி மனப்பாடம், அதனால எல்லாமே மெதுவா போற மாதிரிதான் தெரியும். அவர் எந்த வரியை முடிக்காம அடுத்ததுக்குத் தாவுறாரோ, அங்க மட்டும் 10 ஃப்ரேம் கூட்டுங்க. 30 ஃப்ரேம் வீடியோல அது ஒரு செகண்ட்ல மூணுல ஒரு பங்கு.