என்ன கிழமை என்று சொல்லுங்கள்

"சாம்பாரில் உப்பில்லை என்று சொல்ல இனிமேல் மனு எழுதித் தேதி போட்டுக் கொடுக்கணுமா? மனசுல பட்டதைக் கொட்டிட்டு மறந்துடறதுதான் குடும்பம்!"

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். வீட்டில் ஒரு குறையை எப்படிச் சொல்வது என்பதுதான் இன்றைய பேச்சு. எதிரணி அண்ணனின் கேள்விக்கு நீங்கள் தட்டிய கைதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆமாம் அண்ணே, மனு வேண்டாம், தேதி வேண்டும். குடும்ப நீதிமன்றத்தில் ஆலோசகராக இருக்கும் ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். சண்டை போட்டுக்கொண்டு வருகிற கணவன் மனைவியிடம் அவர் கேட்கும் முதல் கேள்வியே, "கடைசியா இது எப்ப நடந்தது? என்ன கிழமை?" என்பதுதான். "போன செவ்வாய்க்கிழமைங்க, ராத்திரி சாப்பாட்டு நேரம்" என்று பதில் வந்தால் அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். "எப்பவுமே இப்படித்தாங்க, கல்யாணம் ஆன நாள்ல இருந்து" என்று வந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சரி செய்யலாம். "எப்பவுமே" என்பதை யார் வந்து சரி செய்வது?

இதை என் சித்தி வீட்டில் நேரில் பார்த்தேன். சிவகாசிப் பக்கம். வாரத்தில் இரண்டு நாள், விடியக் காலை நாலு மணிக்குத்தான் குழாயில் தண்ணீர் வரும். எழுந்து தொட்டிக் குழாயைத் திறந்துவிடுவது சித்தப்பா பொறுப்பு. ஒரு நாள் தூங்கிவிட்டார். தெருமுனை அடிகுழாயில் சித்தி பத்துக் குடம் அடித்துச் சுமந்து வந்தார். பத்தாவது குடத்தைத் திண்ணையில் 'தொம்' என்று வைத்துவிட்டுச் சொன்னார்: "எப்பவாவது இந்த வீட்டுல உங்களால ஒரு பிரயோஜனம் உண்டா? உங்கப்பா மாதிரியே நீங்களும்!"

இறந்துபோன அப்பாவை எதற்கு அங்கே இழுப்பானேன்? தண்ணீர் வராததற்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் இழுத்தாகிவிட்டது. சித்தப்பா என்ன செய்தார் தெரியுமா? வாயின் ஒரு ஓரத்தை மட்டும் சுழித்தார். பிறகு சித்தியின் குரலிலேயே, அதே இழுவையோடு, "எப்பவாவது பிரயோஜனம் உண்டாஆஆ" என்று பழிப்புக் காட்டினார். நாங்கள் சின்னப் பிள்ளைகள், சிரித்துவிட்டோம். சித்தி சிரிக்கவில்லை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனவர் பதினொரு நாள் அவரோடு பேசவில்லை. தண்ணீர் வராதது ஒரு நாள்தான்.

அந்த உதட்டுச் சுழிப்பைத்தான் ஜான் காட்மன் என்ற உளவியலாளரும் தேடினார். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். தம்பதிகளை உட்காரவைத்து, அவர்களுக்குள் ஓயாத ஒரு தகராறைப் பற்றியே பதினைந்து நிமிடம் பேசச் சொல்லிப் படம்பிடித்தார். 1999-இல் வெளியான ஓர் ஆய்வில் அப்படிப் புதுமண ஜோடிகள் 124-ஐப் பார்த்து, ஆறு வருடம் தொடர்ந்தார்கள். யார் பிரிவார்கள் என்பதற்கான அடையாளம் அந்தப் பேச்சின் முதல் மூன்று நிமிடத்திலேயே தெரிந்தது. அவர் கணக்கில் மிகப் பெரிய அபாயம் இளக்காரம்தான். கண்ணை உருட்டுவது, நக்கலாகச் சிரிப்பது, பழிப்புக் காட்டுவது எல்லாம் அதில் சேரும். "நீ எனக்குச் சமமில்லை" என்று முகம் சொல்லிவிடுகிறது.

இங்கே எதிரணி அண்ணனுக்கு நான் பாதி மதிப்பெண் தந்தாக வேண்டும். கத்தினால் குடும்பம் உடையாது என்றார். சரிதான். கோபம் மட்டுமே மணமுறிவுக்கு அடையாளம் இல்லை என்றுதான் காட்மன் குழுவும் பார்த்தது. சித்தி குடத்தைத் 'தொம்' என்று வைத்தாரே, அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. "உங்கப்பா மாதிரியே" என்பதும் பழிப்புக் காட்டியதும்தான் கெடுத்தன. அண்ணன் கொட்டச் சொல்வதில் கோபமும் இருக்கிறது, இளக்காரமும் இருக்கிறது. கொட்டியவர் மறந்துவிடுவார் அண்ணே. வாங்கிக்கொண்டவர் மறப்பதில்லை.

அதே சித்தி, பல மாதம் கழித்து, மறுபடியும் தண்ணீர் போன ஒரு நாள். இந்த முறை குடத்தை இறக்கிவைத்துவிட்டு, சித்தப்பா காபி குடித்து முடிக்கும் வரை பொறுத்தார். அப்புறம் சொன்னார்: "இன்னைக்குக் காலைல குழாய் திறக்கல. பத்துக் குடம் சுமந்தேன், இடுப்பு விட்டுப்போச்சு. எனக்கு ஆத்திரமா வருது. அடுத்த தடவை முடியாதுன்னா ராத்திரியே சொல்லிடுங்க, நான் எழுந்துக்கறேன்."

எண்ணிப் பாருங்கள். என்று நடந்தது என்று சொல்லிவிட்டார். தன் உடம்புக்கும் மனதுக்கும் என்ன ஆனது என்று சொல்லிவிட்டார். சித்தப்பா செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்தைக் கேட்டார். ஆத்திரத்தை மறைக்கவும் இல்லை. சித்தப்பாவுக்குப் பழிப்புக் காட்ட அதில் ஒரு வார்த்தைகூடக் கிடைக்கவில்லை. "தப்புத்தான்" என்றார். அப்புறம் திருந்திவிட்டாரா என்றால், இல்லை. அடுத்த மாதமே மறுபடி தூங்கினார். ஆனால் அன்று அவரே முந்திக்கொண்டு குடத்தை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடினார். நான் பார்த்தேன்.

இடைவேளையில் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நாற்பது வருஷமா நான் வாயே திறக்கறதில்ல, சண்டையே இல்ல" என்றார். ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் கேட்டது அதை அல்ல. சுவர்போல உட்கார்ந்திருப்பவருக்கு உள்ளே நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருக்கும். நாடித் துடிப்பு நிமிடத்துக்கு நூறைத் தாண்டிவிட்டால் எதிரே இருப்பவர் சொல்வது காதில் ஏறாது. அப்போது எழுந்து போகலாம், தவறே இல்லை. ஆனால், "அரை மணியில் வரேன், வந்து பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், சொன்னபடி வர வேண்டும். உடம்பு அடங்க இருபது நிமிடமாவது ஆகும். உங்கள் வீட்டம்மாவிடம் அந்த நாற்பது வருடத்தைப் பற்றிக் கேட்டீர்களா என்றேன். யோசிக்கிறேன் என்றார். அது அவர்கள் வீட்டு விஷயம், அங்கேயே விடுகிறேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லியாக வேண்டும். கை ஓங்குகிற வீட்டுக்கு, பயந்து வாழ்கிற பெண்ணுக்கு, இந்த முறையை நான் சொல்லவே இல்லை. அங்கே வார்த்தையை அளக்க வேண்டாம், 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

நடுவர் மணியைத் தொடுகிறார். முடித்துவிடுகிறேன்.

சித்தப்பாவுக்குப் போன வருடம் நெஞ்சில் அறுவைச் சிகிச்சை நடந்தது. குனியக்கூடாது, தூக்கக்கூடாது. இப்போது நாலு மணிக்குச் சித்திதான் எழுந்து போய்க் குழாயைத் திறக்கிறார். ஒரு நாள் நான் அங்கே இருந்தேன். விடிந்ததும் சித்தப்பா அவரைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னைக்குக் காலைல நீ எழுந்து போனப்ப என்னை எழுப்பல. முழிச்சுப் பார்த்தா பக்கத்துல ஆள் இல்ல, பயந்துட்டேன். நாளைல இருந்து எழுப்பிட்டுப் போ."

சித்தி எழுப்புகிறார். அவர் நிலைப்படியில் வந்து உட்கார்ந்து டார்ச் பிடிக்கிறார். தொட்டி நிறையும் வரை இருவரும் இருட்டில் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

வணக்கம்.