வீட்டில் ஒருவருக்கு டிபி, மற்றவர்களுக்கு மாத்திரையா?

நேயர்களுக்கு வணக்கம். மும்பையில் நெஞ்சக நோய் மருத்துவராக இருக்கிறேன். தாராவியில் இருந்து வரும் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "டாக்டரம்மா, நோய் அவருக்கு. எங்களுக்கு எதற்கு மாத்திரை?" நியாயமான கேள்விதான்.

காசநோய்க் கிருமி காற்று வழியாக நுரையீரலுக்குள் போகிறது. பெரும்பாலானவர்களுக்கு உடலின் காவல் செல்கள் அதைச் சுற்றி வளைத்து அடக்கி வைத்துவிடும். இருமல் கிடையாது, காய்ச்சல் கிடையாது. அடுத்தவருக்கும் பரவாது. இதுதான் டிபி தொற்று. அந்தக் காவல் உடைந்து கிருமி பெருகினால் அது டிபி நோய். தொற்று உள்ள நூறு பேரில் ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோயாக மாறும். ஆனால் அந்த மாற்றம் பெரும்பாலும் தொற்றிய முதல் இரண்டு ஆண்டுக்குள் நடந்துவிடுகிறது. அதனால்தான் வீட்டில் ஒருவருக்கு நோய் என்று தெரிந்த உடனே மற்றவர்களையும் கூப்பிடுகிறோம். தொற்று நோயாக மாறாமல் தடுக்கத்தான் அந்த மாத்திரை.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தாராவியில் தொண்ணூறு அடி சாலைப் பக்கம், கோலி என்கிற ஒரே ஒரு அறை, மேலே ஒரு மரத்தட்டு. அப்பா தோல் பட்டறையில் வேலை செய்கிறார். சளியில் கிருமி இருக்கிறது. முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது கட்டுப்படும் என்றும் சோதனை சொல்கிறது. வீட்டில் மனைவி, பதினான்கு வயதுப் பையன், மூன்று வயதுப் பெண் குழந்தை, சர்க்கரை நோய் உள்ள ஆச்சி, மரத்தட்டில் படுத்துக்கொள்ளும் மச்சான்.

முதலில் அவர்கள் செய்வது என்ன? அப்பாவுக்குத் தட்டும் தம்ளரும் தனியாக வைப்பார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த கதை இது. 1956-இல் சென்னையில் ஒரு ஆராய்ச்சி தொடங்கினார்கள். நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியம் என்கிற காசநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். இன்னொரு பாதிக்கு மருந்தைக் கொடுத்து வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். அந்த வீடுகளும் ஏழை வீடுகள்தான், நெருக்கடியான வீடுகள்தான். இரண்டு தரப்புக் குடும்பத்தாரையும் ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். நோயாளியோடு வீட்டிலேயே இருந்தவர்களுக்குக் கூடுதலாக நோய் வந்ததா என்றால், இல்லை. உலகமே அதன்பிறகு, வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிடும் முறைக்கு மாறியது. நம் ஊர் ஏழைகளின் வீடுகள் சொல்லிக்கொடுத்த பாடம் என்று எனக்கு அதில் ஒரு பெருமை, மன்னிக்க வேண்டும். நமக்கு அதில் உள்ள சேதி என்ன? சரியான மருந்து தொடங்கியதும் பரவுவது வேகமாகக் குறைந்துவிடுகிறது. பரவியது, நோய் என்று தெரிவதற்கு முன்னால், அவர் இருமிக்கொண்டே பட்டறைக்குப் போய்வந்த மாதங்களில். தட்டைப் பிரித்து வைப்பதால் அதை மாற்ற முடியாது. பரவிவிட்டதா, பரவியது இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை.

அதற்கு நாலு கேள்விகள். இருமல் இருக்கிறதா, காய்ச்சல் வருகிறதா, எடை குறைந்ததா, இரவில் வியர்க்கிறதா? வீட்டில் எல்லோரும் இல்லை என்கிறார்கள். ஆச்சியும் இல்லை என்கிறார். மருமகள்தான் மெதுவாக, "அத்தை மூன்று வாரமாக இருமுறாங்க" என்கிறார். "அது சும்மா தூசிம்மா" என்கிறார் ஆச்சி.

எக்ஸ்ரே எடுத்தால் மேல்பக்கம் ஒரு நிழல். சளியை அனுப்பினால் கிருமி. ஆச்சிக்கு இருப்பது தொற்று இல்லை, நோய். அவருக்குத் தடுப்பு மாத்திரை கொடுக்கவே கூடாது. ஏன் என்பதை நிதானமாகச் சொல்கிறேன், எல்லா முடிவும் இதில்தான் நிற்கிறது.

ஐசோனியசிட் என்ற மருந்துக்கு இயல்பாகவே மசியாத கிருமி, ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒன்று இருக்கும். நுரையீரலில் குழி விழுந்த நோயாளிக்குப் பத்துக் கோடிக் கிருமிகள் வரை இருக்கலாம். அப்படியானால் மசியாதவை நூறு. அந்த ஒரே மருந்தைக் கொடுத்தால் மற்றதெல்லாம் செத்து, அந்த நூறு மட்டும் களைபோலப் பெருகும். அதனால்தான் நோய்க்கு நாலு மருந்து சேர்த்துத் தொடங்குகிறோம். தொற்று நிலையில் கிருமிகள் மிகக் குறைவு. மசியாதது அதில் இருக்க வாய்ப்பே குறைவு. அங்கே ஒன்றிரண்டு மருந்து போதும். நோய் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் தடுப்பு மாத்திரை. திரும்பவும் சொல்கிறேன், உறுதி செய்த பிறகுதான்.

பையனுக்கு, தொற்று இருக்கிறதா என்று பார்க்கும் மாண்டூ ஊசியைக் கையில் போட்டோம். இரண்டு மூன்று நாள் கழித்து வந்து காட்ட வேண்டும். சிவந்திருப்பதை அளக்கக் கூடாது. தடித்து, கைக்குக் கெட்டியாகப் படுவதைத்தான் அளக்க வேண்டும். அவனுக்கு நன்றாகவே தடித்திருந்தது. அதைப் பார்த்ததும், "டிபி வந்துவிட்டது" என்று அம்மாவுக்கு அழுகை. மாண்டூவும் சரி, அதற்கான ரத்தப் பரிசோதனையும் சரி, கிருமியை உடல் சந்தித்திருக்கிறது என்று மட்டுமே சொல்லும். தொற்றா, நோயா என்று அவற்றுக்குத் தெரியாது. வெறும் மாண்டூவை வைத்து நாலு மருந்து எழுதிய சீட்டோடு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கோபம் வரும். பையனுக்கு எக்ஸ்ரே சுத்தம், அறிகுறி இல்லை. ஆகவே தொற்று. அம்மாவுக்கும் அதேதான்.

இருவருக்கும் வாரம் ஒருமுறை, பன்னிரண்டு வாரம், ஐசோனியசிடும் ரிஃபாபென்டினும். சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், பயப்பட வேண்டாம். அம்மாவிடம் தனியாக இரண்டு கேள்விகள் உண்டு. கர்ப்பமா? கர்ப்பம் என்றால் இந்த மருந்து வேண்டாம். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாரா? ரிஃபாபென்டின் அதன் பலத்தைக் குறைத்துவிடும், வேறு வழி பார்க்க வேண்டும்.

மூன்று வயதுக் குழந்தைக்கு மாண்டூவுக்காகக் காத்திருப்பதில்லை. அந்த வயதில் தொற்று வேகமாக நோயாகும், மூளை உறைவரைக்கும் போகும். நன்றாகச் சாப்பிடுகிறாளா, எடை ஏறுகிறதா, ஓடி விளையாடுகிறாளா என்று கேட்டு, நோய் இல்லை என்று பார்த்துவிட்டு, எடைக்குத் தக்கபடி மாத்திரையைத் தொடங்கிவிடலாம்.

மச்சானுக்கும் மாண்டூ தடித்திருக்கிறது. ஆனால் தினமும் குடிக்கிறவர், கல்லீரல் சோதனையும் சரியில்லை. இந்த மருந்துகள் கல்லீரலைத்தான் தொடும். அவருக்கு நோய் வருவதற்கான வாய்ப்பா, மருந்தால் கேடு வருவதற்கான வாய்ப்பா, எது பெரிது? இப்போதைக்கு இரண்டாவது. மாத்திரை இல்லை, ஆனால் இரண்டு ஆண்டுகள் கண்காணிப்பு. இருமல் வந்தால் அன்றைக்கே வர வேண்டும்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்து சைகை வருகிறது. இரண்டு விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் கிருமி மருந்துக்கு மசியாத வகையாக இருந்தால் மேலே சொன்ன மாத்திரை எதுவும் பொருந்தாது; வேறு மருந்து, அதை நிபுணர் முடிவு செய்ய வேண்டும். அப்புறம், மாத்திரை சாப்பிடும்போது பசியே இல்லாமல் போனாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, கண் மஞ்சளானாலோ, அடுத்த வேளை மாத்திரையைப் போடாதீர்கள், நேராக மருத்துவரிடம் வந்துவிடுங்கள். வணக்கம்.