மஞ்சப்பைக்குள் ஒரு நோட்டீஸ்

நேயர்களுக்கு வணக்கம். பொதுப்பட்டியலைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். பட்டியலை வாசித்துக் காட்டினால் பாதிப் பேர் ரேடியோவை அணைத்துவிடுவீர்கள். அதனால் ஒரு மஞ்சப்பையிலிருந்து தொடங்குகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு பெரியவர் என்னைப் பார்க்க வந்தார். பைக்குள் பட்டா, சிட்டா, அதோடு மடித்து மடித்து நைந்துபோன ஒரு நோட்டீஸ். மாநில நெடுஞ்சாலைக்காக அவருடைய ஒண்ணேகால் ஏக்கரை எடுக்கப் போகிறார்கள். "ஏனுங்க, நெலம் மாநில சர்க்கார் சமாச்சாரம்தானுங்களே? டெல்லியில புதுச் சட்டம் வந்திருச்சு, இந்த நோட்டீஸே செல்லாதுங்கறாரு பக்கத்துத் தோட்டத்துக்காரரு. எது நெசம்?" என்றார்.

இரண்டிலும் பாதி நிஜம். அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் 'நிலம்' மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் சொத்தைக் கையகப்படுத்துவது, அதாவது நில எடுப்பு, பொதுப்பட்டியலில் 42ஆவது இனம். நிலம் ஒரு பட்டியல், அதை எடுப்பது வேறு பட்டியல். பொதுப்பட்டியல் என்றால் நாடாளுமன்றமும் சட்டம் போடலாம், சட்டமன்றமும் போடலாம்.

இரண்டும் மோதினால்? அதற்குத்தான் 254ஆவது உறுப்பு. மோதும் அளவுக்கு மாநிலச் சட்டம் செல்லாது, மத்தியச் சட்டமே நிற்கும். ஒரு விதிவிலக்கு உண்டு. மாநிலம் தன் மசோதாவைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கிவிட்டால், அந்த மாநிலத்துக்குள் அதன் சட்டமே செல்லும். ஒரே விஷயத்தில் இரண்டு சட்டம் இருப்பதாலேயே மோதல் வந்துவிடாது. ஒன்றுக்குக் கீழ்ப்படிந்தால் இன்னொன்றை மீற வேண்டியிருக்க வேண்டும், அல்லது அந்த விஷயம் முழுவதற்கும் இனி இதுதான் சட்டம் என்று நாடாளுமன்றம் வகுத்திருக்க வேண்டும்.

சரி, பெரியவரின் நோட்டீஸுக்கு வருவோம். அது 2001ஆம் வருஷத்துத் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டப்படி வந்தது. அந்தச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் இருந்தது. ஆனால் அது 1894ஆம் வருஷத்து நில எடுப்புச் சட்டம் நடப்பில் இருந்தபோது வாங்கியது. 2013இல் நாடாளுமன்றம் அந்தப் பழைய சட்டத்தை நீக்கிப் புதுச் சட்டம் போட்டது. பழைய ஒப்புதல் புதுச் சட்டத்துக்கு எதிராகக் காப்பாற்றாது. இதைக் கொஞ்சம் மனசில் வையுங்கள். ஒப்புதல் என்பது அப்போதிருந்த மத்தியச் சட்டத்துக்கு எதிரான குடைதான், பிறகு வரும் மழைக்கு அது உதவாது.

தமிழ்நாடு அரசு சும்மா இருக்கவில்லை. இந்த நெடுஞ்சாலைகள் சட்டம் உட்படத் தன்னுடைய மூன்று நில எடுப்புச் சட்டங்களுக்கு மத்தியச் சட்டம் பொருந்தாது என்று, அந்த மத்தியச் சட்டத்திலேயே தமிழ்நாட்டுக்கு மட்டும் 105ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. 2015 தொடக்கத்தில் ஒப்புதலும் கிடைத்தது. 2014 ஜனவரி 1 முதல் செல்லும் என்று முன்தேதியும் போட்டார்கள், ஏனென்றால் மத்தியச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் அது.

அங்கேதான் சறுக்கியது. தேதியைப் பாருங்கள் என்று என் ஜூனியர்களிடம் சொல்லிச் சொல்லி அவர்களுக்கே அலுத்துப்போயிருக்கும். மத்தியச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2014 ஜனவரியில். ஆனால் குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்டு அது சட்டமானது 2013 செப்டம்பர் கடைசியில். மோதலுக்குக் கணக்கு சட்டமான நாள்தான், நடைமுறைக்கு வந்த நாள் அல்ல என்றது சென்னை உயர் நீதிமன்றம், 2019 ஜூலையில். அப்படியானால் மூன்று மாநிலச் சட்டங்களும் செப்டம்பரிலேயே உயிரை விட்டுவிட்டன. ஜனவரித் தேதி போட்ட 105ஏ, செத்ததை எழுப்ப முடியாது. மறுபடி சட்டமாகவே இயற்ற வேண்டும். மூன்று மாதத்தில் மூன்று சட்டம் போச்சு! ஏற்கெனவே பயன்பாட்டுக்கு வந்துவிட்ட நிலங்களை மட்டும் நீதிமன்றம் தொடவில்லை.

பெரியவர் இனிப்புப் பொட்டலத்தோடு வந்தார். "கொஞ்சம் பொறுங்க" என்றேன். அதே வருஷம் அரசு அந்த மூன்றையும் உயிர்ப்பிக்கும் புதுச் சட்டம் இயற்றியது, இந்தத் தடவை 2013 செப்டம்பருக்கே முன்தேதி போட்டு. டிசம்பரில் ஒப்புதலும் வந்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. மஞ்சப்பையில் இருந்த நோட்டீஸுக்கும் உயிர் வந்துவிட்டது. அதன் பிறகு இழப்பீட்டுத் தொகைக்காகத்தான் வழக்காடினோம்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒப்புதல் வாங்கிய மாநிலச் சட்டத்தையும் நாடாளுமன்றம் பிறகு புதுச் சட்டத்தால் மாற்றலாம், நீக்கலாம். 254இன் கடைசி வாக்கியம் அதுதான். தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வை ஒழித்த நம் சட்டம் 2007இல் ஒப்புதல் பெற்றது, பிளஸ் டூ மார்க்கை வைத்தே சேர்க்கை நடந்தது. 2016இல் மருத்துவக் கவுன்சில் சட்டத்தைத் திருத்தி நீட்டைக் கொண்டுவந்தார்கள். மறு வருஷத்திலிருந்து மருத்துவத்துக்கு நீட் மார்க்தான். வணக்கம்.