கொட்டேஷன் மெயிலைக் கடைசியில் படிப்பவர் யார்?

நேயர்களுக்கு வணக்கம். ஒரு நூற்பாலையின் கொள்முதல் பிரிவில் 22 வருடம் வேலை பார்த்தேன். அந்த 22 வருடமும் என் மேஜைக்கு வந்ததெல்லாம் கொட்டேஷன்தான். இப்போது மதுரையில் தெரிந்த சிறு கடைக்காரர்களுக்கு அதை எழுதிக் காட்டுகிறேன், ஏனென்றால் நல்ல வேலைக்காரர்கள் பலர் மெயிலில்தான் தோற்றுப்போகிறார்கள். அதை அந்த மேஜையில் உட்கார்ந்தே பார்த்திருக்கிறேன்.

ஏசி சர்வீஸ் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், நான்கு பையன்களை வைத்து வேலை செய்பவர். ஒரு தனியார் பள்ளியில் 14 ஸ்ப்ளிட் ஏசிக்கு வருடப் பராமரிப்பு, அதாவது ஏஎம்சி, கேட்டிருந்தார்கள். நேரில் போய் ஒவ்வொரு மெஷினாகப் பார்த்தார், அங்கிருந்த மேலாளரிடம் நன்றாகப் பேசினார். திரும்பி வந்து அனுப்பிய மெயிலை எனக்குக் காட்டினார். "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான விசாரணைக்கு நன்றி. எங்களால் முடிந்த மிகக் குறைந்த விலையை இத்துடன் சமர்ப்பிக்கிறோம். ஒரு ஏசிக்கு 2,400 ரூபாய், வரி தனி. விலை பேசிக்கொள்ளலாம். தயவுசெய்து ஆதரவு தரவும்." இவ்வளவுதான் மெயில்.

சரி, இதில் என்ன தவறு? மரியாதையாகத்தானே இருக்கிறது என்று கேட்பீர்கள். இந்த மெயிலைக் கடைசியில் படிக்கப்போவது யார் என்று பாருங்கள். மேலாளர் இதை அச்செடுத்துத் தாளாளர் முன்னால் வைப்பார். தாளாளர் என் நண்பரைப் பார்த்ததே இல்லை. நண்பர் ஏணி போட்டு ஏறி மெஷினைத் திறந்து பார்த்ததும், அரைமணி நேரம் சிரித்துப் பேசியதும் தாளாளருக்குத் தெரியாது. அவர் கையில் இருப்பது அந்தத் தாள் மட்டும். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். உங்கள் மெயில் உங்களைப் பார்க்காத ஒருவரிடம் போகும், அங்கே உங்களுக்காகப் பேச நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

அந்தத் தாளைப் பார்த்ததும் தாளாளர் கேட்பார்: 2,400 என்றால் வருடத்துக்கு எத்தனை சர்வீஸ்? வாட்டர் வாஷ் உண்டா? கேஸ் போனால் யார் செலவு? வரியோடு எவ்வளவு? மேலாளரிடம் பதில் இருக்காது. "பேசிக்கொள்ளலாம் என்று போட்டிருக்கிறாரே, அப்படியென்றால் 1,800-க்குக் கேளுங்கள்" என்பார் தாளாளர். என் மேஜையில் நானும் அப்படித்தான் செய்தேன். விலை பேசலாம் என்று எழுதியவரிடம் பேசாமல் விட்டதே கிடையாது. எழுதாதவரிடம் வேலையைப் பற்றித்தான் முதலில் கேட்டேன்.

அதனால் மெயிலை மாற்றி எழுதினோம். விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. முதல் பத்தி இப்படி வந்தது: "வணக்கம் சார். செவ்வாய்க்கிழமை உங்கள் பள்ளியில் 14 ஏசியையும் பார்த்தேன். 12 மெஷின் நன்றாக இருக்கிறது. கம்ப்யூட்டர் லேபில் ஒன்று சொட்டுவதற்குக் காரணம் தண்ணீர் போகும் குழாயின் சரிவு, அதை முதல் சர்வீஸிலேயே சரிசெய்துவிடுகிறோம், தனிக் கட்டணம் இல்லை. நூலகத்தில் ஒன்று குளிர்ச்சி குறைவாக இருக்கிறது, அதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்."

கவனித்தீர்களா, இதில் நட்பு என்ற சொல்லே இல்லை. அந்தப் பள்ளிக்கு மட்டுமே பொருந்துகிற நான்கு வரி, அவ்வளவுதான். ஆனால் படிப்பவருக்கு, இந்த ஆள் வந்து பார்த்திருக்கிறார் என்று புரிந்துவிடும். "மேலான", "சமர்ப்பிக்கிறோம்" எல்லாம் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம், அதனால்தான் அதில் நெருக்கம் வருவதில்லை. தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே கதைதான்.

அப்புறம் விலை. "ஒரு ஏசிக்கு வருடம் 2,400 ரூபாய். 14 ஏசிக்கு 33,600, ஜிஎஸ்டி 18 சதவீதம் 6,048, மொத்தம் 39,648 ரூபாய். இதில் மே விடுமுறையிலும் காலாண்டு விடுமுறையிலும் தலா ஒரு வாட்டர் வாஷ், ஜூலையிலும் டிசம்பரிலும் ஃபில்டர் சுத்தம், நடுவில் பழுது என்று கூப்பிட்டால் மறுநாளுக்குள் ஆள் வருவது, எல்லாம் அடங்கும். வகுப்பு நேரத்தில் வேலை செய்யமாட்டோம். கேஸ், கம்ப்ரஸர், போர்டு அடங்காது." விலைக்கு முன்னால் மன்னிப்பு இல்லை, பின்னால் கெஞ்சல் இல்லை. விலை வந்த கையோடு, அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்பது வந்துவிடுகிறது. அடங்காததையும் அதே மூச்சில் சொல்லிவிடுகிறது. அதை மறைத்தால் ஆகஸ்டில் கேஸ் போகும்போது சண்டை வரும், அடுத்த வருடம் ஏஎம்சி போய்விடும்.

நூலகத்து ஏசிக்கு என்ன செய்வது? கேஸ் கசிகிறதா, எங்கே கசிகிறது என்று அழுத்தம் வைத்துச் சோதிக்காமல் சொல்ல முடியாது. நண்பர் "சுமார் ஐயாயிரம் ஆகலாம்" என்று போடப் பார்த்தார். நான் வேண்டாம் என்றேன். சுமார் என்று போட்ட தொகையைப் படிப்பவர் வாக்குறுதியாகவே எடுத்துக்கொள்வார். "முதல் சர்வீஸ் அன்று சோதித்து, போட்டோவோடு விலை அனுப்புகிறேன், நீங்கள் சரி என்ற பிறகுதான் கை வைப்போம்" என்று எழுதினோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எப்போது தெரியும் என்றும் சொன்னால் மற்ற வரிகளையும் அவர் நம்புவார்.

குறைத்துக் கேட்டால் என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். இந்தப் பள்ளியும் கேட்டது. விலையை மட்டும் குறைத்தால், முதலில் சொன்ன விலையில் ஏமாற்று இருந்தது என்று நீங்களே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். வேலையையும் சேர்த்துக் குறையுங்கள். "ஃபில்டர் சுத்தத்தை உங்கள் ஆட்களே செய்தால் ஒரு ஏசிக்கு 1,800, வரியோடு மொத்தம் 29,736 ரூபாய். எப்படிக் கழற்றிக் கழுவுவது என்று ஒருமுறை காட்டித்தருகிறேன்." இப்படிப் பதில் எழுதினார். அந்தக் கடைசி வரி அவரே சேர்த்தது, எனக்கு மிகவும் பிடித்தது. பள்ளி யோசித்துவிட்டு முதல் திட்டத்தையே எடுத்துக்கொண்டது. எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று சொல்லமாட்டேன், விலை மட்டுமே பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் எந்த மெயிலும் செல்லாது.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். இன்னும் இரண்டு விஷயம் இருந்தது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மெயிலை "தங்கள் பதிலை எதிர்நோக்கி" என்று முடிக்காதீர்கள், பதில் சொல்லச் சுலபமான ஒரு கேள்வியோடு முடியுங்கள்: "விலை ஏப்ரல் 30 வரை இதேதான். மே 5 அல்லது மே 12, எந்த வாரம் உங்களுக்கு வசதி?" மூன்று நாள் பதில் இல்லை என்றால் "மெயில் பார்த்தீர்களா" என்று கேட்காமல், அவர்களுக்குப் பயன்படும் புதிய விஷயம் ஒன்றை எழுதுங்கள். நண்பர் எழுதியது இதுதான்: "சார், மே முதல் வாரம் வேகமாக நிரம்புகிறது, 5, 6 தேதிகளை உங்களுக்காக வெள்ளிக்கிழமை வரை பிடித்து வைத்திருக்கிறேன்." உண்மையிலேயே பிடித்து வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை காலை மேலாளர் போன் செய்தார். நன்றி, வணக்கம்.