பழைய பெயர் எங்கே போகிறது?
(கொடைக்கானலில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

மலைக்கு மேலே ஏறி வந்து துறவியானவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். ஊட்டியில் இந்துத் துறவியர், இங்கே செண்பகனூரில் சேசு சபையார், ஊருக்குள் கன்னியர் மடங்கள். துறவு கொள்ளும்போது இவர்கள் வீட்டில் வைத்த பெயர் என்ன ஆகிறது? இன்றைக்கு அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஊட்டி ராமகிருஷ்ண மடத்திலிருந்து தொடங்குவோம். 1926இல் அதை நிறுவியவர் சுவாமி சிவானந்தர். வீட்டில் வைத்த பெயர் தாரகநாத் கோஷால். அந்த மடத்து மரபில் இன்று சேருகிற இளைஞருக்குப் பெயர் இரண்டு தடவை மாறுகிறது. சில ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகு பிரம்மச்சரிய தீட்சை. அப்போது ‘சைதன்ய’ என்று முடியும் ஒரு பெயர். இன்னும் சில ஆண்டுகள் கழித்து சந்நியாசம். அப்போது ‘ஆனந்தர்’ என்று முடியும் வேறொரு பெயர். ஆக, இடையில் வந்த பெயரும் கழன்றுவிடுகிறது.

சந்நியாசத்துக்கு முன்னால் அவர் செய்கிற காரியத்தைக் கவனியுங்கள். முன்னோருக்குச் சிராத்தம் செய்வார். கையோடு தனக்கும் செய்துகொள்வார். பிறகு சந்நியாசத்துக்கான வேள்வி, விரஜா ஹோமம். குடுமி, பூணூல் எல்லாம் அத்தோடு போயிற்று. பிண்டம் வைத்தாகிவிட்டது, ஆள் இல்லை. இல்லாத ஆளுக்குப் பெயர் எதற்கு? அதனால்தான் ஒரு சாமியாரிடம் போய் பூர்வாசிரமப் பெயரைக் கேட்பது மரியாதை இல்லை என்கிறோம். நம் ஆட்கள் கேட்காமலா விடுகிறார்கள், ஊரையும் சேர்த்தே கேட்பார்கள்!

நம் நீதிமன்றங்களும் இதை ஏற்றுக்கொள்கின்றன. முறைப்படி சந்நியாசம் வாங்கியவர் சட்டத்தின் கண்ணில் குடும்பத்துக்கு இறந்தவர். குடும்பச் சொத்தில் அவருக்குப் பங்கு இல்லை. ஆனால் காவி கட்டி, ‘ஆனந்தா’ என்று பெயர் வைத்துக்கொண்டால் மட்டும் அது நடந்துவிடாது. சடங்குகள் நடந்ததை நிரூபிக்க வேண்டும். பாகப் பிரிவினை வழக்குகளில் இந்த இடத்தில்தான் பலர் இடறுகிறார்கள். பாஸ்போர்ட் விதியும் 2016 டிசம்பரில் இந்தப் பக்கம் ஓரடி வைத்தது: பெற்றோர் பெயருக்குப் பதில் குருவின் பெயரைத் தரலாம். ஒரே நிபந்தனை, வாக்காளர் அட்டை, ஆதார் போன்ற ஏதாவது ஓர் ஆவணத்தில் பெற்றோர் இடத்தில் குருவின் பெயர் ஏற்கெனவே இருக்க வேண்டும்.

கன்னியர் மடத்துக்கு வந்தால் கதை வேறு. அறுபது ஆண்டுகளுக்கு முன்னால் பல சபைகளில், துறவு உடை பெற்று, துறவுப் பயிற்சி இல்லமான நவதுறவகத்தில் நுழையும் நாளிலேயே ஒரு புனிதரின் பெயர் சூட்டுவார்கள். முதல் வார்த்தைப்பாடு, அதாவது துறவு வாழ்வுக்கான சபதம், அதற்குப் பிறகுதான். ஆனால் அங்கே யாரும் திருமுழுக்குப் பெயருக்குக் கருமாதி செய்யவில்லை. திருமுழுக்கின் மேல்தான் வார்த்தைப்பாடே நிற்கிறது என்பது திருச்சபையின் போதனை. அதனால் 1960களில் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, திருமுழுக்குப் பெயரையே வைத்துக்கொள்ளும் வழக்கம் சிக்கலில்லாமல் வந்தது. சிலர் பழைய பெயருக்குத் திரும்பினார்கள். சிலர் பழகிப்போனதை விடவில்லை.

அரசு உதவி பெறும் பள்ளியில் பாடம் எடுக்கிற ஒரு சிஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு அவர் சிஸ்டர் பெர்னதெத். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் செல்வராணி. வேலை உத்தரவு, சம்பளப் பட்டியல், பான் அட்டை எல்லாம் செல்வராணிதான். யாராவது ஒரு எழுத்தர் நல்லெண்ணத்தோடு பணிப்பதிவேட்டில் பெர்னதெத் என்று எழுதிவிட்டால், தலைவலி ஓய்வூதியம் வரும் நாளில் தெரியும். அரசிதழில் பெயர் மாற்றி வெளியிடாதவரை, அரசுக்கு அவர் செல்வராணிதான். வறுமை வார்த்தைப்பாடு கொடுத்தவர், சம்பளம் அப்படியே சபைக்குப் போகிறது, திருச்சபைச் சட்டப்படி அவர் உலகத்துக்கு இறந்தவர், வரி பிடிக்கலாமா என்று தமிழ்நாட்டிலிருந்தே வழக்குப் போனது. பிடிக்கலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. சந்நியாசிக்குக் கிடைத்த ‘மரணம்’ வரிக் கணக்கில் சிஸ்டருக்குக் கிடைக்கவில்லை.

சேசு சபையார் பெயரை மாற்றுவதே இல்லை, பின்னால் ‘சே.ச.’ என்று இரண்டு எழுத்து சேரும், அவ்வளவுதான். ஆனால் பெருமாள்மலையில் போதி ஜென்டோ என்ற ஜென் தியான இல்லத்தை நிறுவிய ஆமா சாமி அடிகளாரைப் பாருங்கள். அவர் சேசு சபைக் குரு. முழுப்பெயர் அருள் மரிய ஆரோக்கியசாமி; ‘ஆமா’ அதன் சுருக்கம். ஜப்பானில் யமதா கோவுன் என்ற ஜென் குருவிடம் பயின்று, கற்பிக்கும் உரிமை பெற்றார். அந்த மரபில் அவருக்குக் கென்-உன்-கென் என்றும் ஒரு பெயர் உண்டு. பூசை வைக்கிற குருவானவரை அந்தப் பெயர் தள்ளிவிடவில்லை, தியானக் கூடத்துப் பெயராக அது பக்கத்திலேயே இருக்கிறது. மலையைச் சுற்றியுள்ள நம் சனங்களுக்கோ, இத்தனைக்கும் நடுவில், அவர் வெறும் ‘சாமி’.